மைக்ரோவேவ்: புட்டிக்குச் சரி, பாலுக்கு வேண்டாம்

பால் புட்டியை மைக்ரோவேவில் வைத்துக் கிருமி நீக்கினால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அதே அடுப்பில் பாலை வைத்துச் சூடாக்கப் போனால் ஓடிப்போய்த் தடுப்பேன். இதைப் பார்த்துவிட்டுத் தம்பி மனைவி கேட்டாள்: “அதுக்கு மட்டும் ஆகும், இதுக்கு மட்டும் ஆகாதா அண்ணி?” நியாயமான கேள்விதான். அவளுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

புட்டிக்கு வேண்டியது கிருமியைக் கொல்லும் 100 டிகிரிச் சூடு. எடுத்து வைத்த தாய்ப்பாலுக்கு வேண்டியது கிருமியை வளரவிடாத 4 டிகிரிக் குளிர். குழந்தையின் வாய்க்குப் போகும்போது அது உடம்புச் சூட்டில், அதாவது 37 டிகிரி அளவில் இருந்தால் போதும். எந்தச் சாதனம் நல்லது என்பதை இந்த மூன்றில் எந்த வேலைக்கு அது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

புட்டி: கொதிநீர், நீராவி, கிருமிநாசினிக் கரைசல்

எந்த முறையாக இருந்தாலும் தேய்த்துக் கழுவிய பிறகுதான் அது வேலை செய்யும். 2016-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு குறைமாதக் குழந்தைக்கு க்ரோனோபேக்டர் என்ற பாக்டீரியாவால் கடுமையான தொற்று வந்தது. தேடிப் பார்த்ததில் அதே கிருமி தாய்ப்பால் பம்பிலும், எடுத்து வைத்த பாலிலும், வீட்டுச் சிங்க்கின் வடிகாலிலும் இருந்தது. பம்பின் பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் மணிக்கணக்கில் ஊறப் போட்டிருக்கிறார்கள். தேய்க்கவும் இல்லை, கிருமி நீக்கவும் இல்லை. பால் பிசுக்குக் கலந்து ஆறிப்போன சோப்புத் தண்ணீர் கிருமிக்கு நல்ல தொட்டில். அதனால் பாகங்களைத் தனித்தனியாகக் கழற்றி, சிங்க்கில் நேராகப் போடாமல் இதற்கென்று வைத்த ஒரு பாத்திரத்தில், இதற்கென்று வைத்த பிரஷ்ஷால் உடனே கழுவ வேண்டும். நிப்பிளின் துளை வழியாகவும் தண்ணீரைப் பிதுக்கி விட வேண்டும்.

கழுவியாயிற்று. இனி எது? கொதிக்க வைப்பதுதான் எல்லாவற்றையும்விட எளிது. பாகங்கள் முழுதாக மூழ்க வேண்டும், புட்டிக்குள் காற்று சிக்கியிருக்கக் கூடாது; சிக்கிய இடத்தில் தண்ணீர் படாது. தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகுதான் நேரத்தை எண்ண வேண்டும். அமெரிக்காவின் நோய்த் தடுப்பு அமைப்பான சி.டி.சி. 5 நிமிடம் என்கிறது, பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். குறைந்தது 10 நிமிடம் என்கிறது. இதன் குறை நம் மறதிதான். தண்ணீர் வற்றி நிப்பிள் கருகும் வாசனை வந்த பிறகு அடுப்பை நினைத்துப் பார்ப்பவர்கள் பலர் (நானும் அதில் ஒருத்தி). அடிக்கடி கொதித்த நிப்பிள் பிசுபிசுக்கும், வெடிப்பு விடும். அப்படியானால் தூக்கிப் போட்டுவிட வேண்டும், வெடிப்புக்குள் பால் தங்கும்.

மின்சார ஸ்டெரிலைசர் தானே அணைந்துவிடும், அதுதான் அதன் பெரிய லாபம். புட்டிகளை வாய் கீழாக வைக்க வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் அடித்தட்டில் வெள்ளையாகப் படிவு சேரும். அவ்வப்போது வினிகர் விட்டு எடுக்க வேண்டும்.

மைக்ரோவேவுக்கான நீராவிப் பெட்டியும் வேலையில் இதேதான். மைக்ரோவேவ் சீராகச் சூடாக்காது என்பது தெரிந்ததே. ஆனால் இங்கே அது புட்டியைச் சூடாக்கவில்லை, பெட்டிக்குள் இருக்கும் தண்ணீரை ஆவியாக்குகிறது. ஆவி மூலை முடுக்கெல்லாம் போய், எங்கே குளிர்ச்சியாக இருக்கிறதோ அங்கே தண்ணீராகப் படிந்து தன் சூட்டைக் கொடுக்கிறது. அடுப்பின் ஏற்றத்தாழ்வை ஆவியே சமன் செய்துவிடுகிறது. பெட்டியில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரை விட்டால் போதும். குறைத்தால் நேரம் முடியும் முன்பே வற்றிவிடும். உலோகப் பாகம் எதுவும் உள்ளே போகக் கூடாது. மூடியைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

கிருமிநாசினிக் கரைசலில் குறைந்தது 30 நிமிடம் மூழ்க வைக்க வேண்டும், 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கரைசலை மாற்ற வேண்டும். மின்சாரமும் அடுப்பும் இல்லாத பயணத்துக்கு இதைவிட நல்லது இல்லை. வீட்டில் எனக்கு அந்த வாசனை பிடிப்பதில்லை.

என் தேர்வு: ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு புட்டிதான் என்றால் பாத்திரமும் அலாரமும் போதும். ஐந்தாறு புட்டிகளும் பம்பும் என்றால் ஏதாவது ஒரு நீராவி முறை. எதில் செய்தாலும் பிறகு துண்டால் துடைக்காதீர்கள். கொன்ற கிருமிக்குப் பதிலாகத் துண்டில் இருப்பதை ஏற்றி வைத்ததாகும். தானாக உலரட்டும்.

சேமிப்பு: பை நல்லதா, புட்டி நல்லதா

இரண்டு மூன்று நாளுக்குள் கொடுத்துவிடப் போகிறீர்கள் என்றால் மூடியுள்ள புட்டியே போதும். ஃப்ரீசருக்கு என்றால் தாய்ப்பாலுக்கென்றே வரும் பை. தட்டையாகப் படுக்க வைத்து உறைய வைத்தால் இடமும் மிச்சம், சீக்கிரமாகவும் உருகும். பால் உறையும்போது விரியும், ஆகையால் மேலே கொஞ்சம் இடம் விட வேண்டும். ஒரு வேளைக்கு வேண்டிய 60 அல்லது 90 மி.லி. என்று பிரித்து வைத்தால் கொட்டுவது குறையும்.

நேரக் கணக்கு சி.டி.சி. சொல்கிறபடி இது: 25 டிகிரி வரையுள்ள அறையில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம் வரை நல்லது. என்.எச்.எஸ். 4 டிகிரியோ அதற்குக் கீழோ நிலையாக இருக்கும் ஃப்ரிட்ஜில் 8 நாள் வரை விடுகிறது. அந்தக் குளிர் உறுதியில்லை என்றால் 3 நாள்தான். நான் 4 நாளிலேயே நின்றுகொள்கிறேன். வீட்டு ஃப்ரிட்ஜின் கதவு ஒரு நாளில் எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் காரணம் புரியும். கதவுத் தட்டில் பால் வைக்காமல் உள்ளே பின்பக்கம் வைப்பதும் இதனால்தான்.

புதுப் பாலில் லைசோசைம் போன்ற கிருமி எதிர்ப்புப் பொருள்களும் உயிரணுக்களும் உண்டு. அதனால் அது கொஞ்ச நேரம் தன்னைத்தானே காத்துக்கொள்ளும். உறைந்து உருகிய பாலுக்கு அந்தத் தெம்பு குறைவு. அதனால் ஃப்ரிட்ஜில் முழுதாக உருகியதிலிருந்து 24 மணி நேரம், வெளியே வைத்தால் ஒன்றிரண்டு மணி நேரம், அவ்வளவுதான். திரும்ப உறைய வைக்கக் கூடாது.

சூடாக்குவது: கிண்ணம், வார்மர், மைக்ரோவேவ்

இப்போது தம்பி மனைவியின் கேள்விக்கு வருவோம். மைக்ரோவேவுக்குள் அலைகள் சுவரில் பட்டுத் திரும்பி, சில இடத்தில் வலுத்தும் சில இடத்தில் மெலிந்தும் நிற்கும். புட்டியிலும் அப்படித்தான் சூடு ஏறும். சூடான பால் மேலே போய் நிற்கும், அடியில் குளிர்ந்தே கிடக்கும். பிளாஸ்டிக் அதிகம் சூடேறுவதில்லை என்பதால் கைக்கு வெதுவெதுப்பாகவே தெரியும்; உள்ளே ஒரு பகுதி வாயைச் சுடும் அளவுக்குப் போயிருக்கும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாலும், அந்தச் சொட்டு எந்தப் பகுதியிலிருந்து வந்ததோ அதைத்தான் அது சொல்லும்.

“நன்றாகக் குலுக்கினால் சமமாகிவிடாதா?” என்றாள். ஆகும். ஆனால் அதற்குள் அதிகம் சுட்ட பகுதி கெட்டாயிற்று. 1992-இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில், மைக்ரோவேவில் வைத்த தாய்ப்பாலில் கிருமி எதிர்ப்புப் பொருள்கள் குறைந்தன, அதிகமாகச் சூடேற்றிய பாலில் ஈ.கோலை பாக்டீரியா பல மடங்கு வளர்ந்தது. லைசோசைம் குறைந்த சூட்டிலேயே குறைந்தது.

கிண்ணத்துத் தண்ணீரை ஏன் நம்பலாம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த 90 மி.லி. பால், 4 டிகிரி. கிண்ணத்தில் அரை லிட்டர் தண்ணீர், 45 டிகிரி. இரண்டும் கடைசியில் ஒரே சூட்டுக்கு வரும்:

(500 × 45 + 90 × 4) ÷ 590 = 38.7

நீங்கள் மறந்துபோய்த் தூங்கிவிட்டாலும் பால் 39 டிகிரியைத் தாண்ட முடியாது. கிண்ணமும் காற்றும் சூட்டை இழுப்பதால் இன்னும் குறையவே செய்யும். அதே கிண்ணத்தில் இப்போதுதான் கொதித்த 98 டிகிரித் தண்ணீரை ஊற்றினால்? அதே கணக்கில் 84 வரும். அவ்வளவு நேரம் யாரும் விடமாட்டோம்தான். ஆனால் சுவரை ஒட்டிய பால் கொதிநீரின் சூட்டை முதலில் வாங்கும், நடுவில் இருப்பது குளிர்ந்தே இருக்கும். சூட்டுத் திட்டு மைக்ரோவேவில் மட்டும் வருவதில்லை.

தெர்மாமீட்டர் இல்லாமல் 45 டிகிரிக்கு ஒரு வழி: ஒரு பங்கு கொதிநீர், மூன்று பங்கு 28 டிகிரி அளவிலுள்ள சாதாத் தண்ணீர். குழாய்த் தண்ணீர் அதைவிடக் குளிர்ந்திருந்தால் கொதிநீரைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். தண்ணீர் மட்டம் புட்டியின் மூடிக்குக் கீழே இருக்கட்டும். ஐந்து முதல் பத்து நிமிடம். நடுவில் ஒருமுறை எடுத்து மெல்லச் சுழற்றினால் பிரிந்து நின்ற கொழுப்பும் கலந்துவிடும்.

பாட்டில் வார்மரில் இரண்டு வகை. தண்ணீரை ஒரே சூட்டில் வைத்திருப்பது நம் கிண்ணத்தின் மின்சார அண்ணன், நல்லது. நீராவி அடித்துச் சூடாக்குவது வேகம், ஆனால் புட்டியின் அடியும் சுவரும் முதலில் சுடும். பாலின் அளவும் தொடக்கக் குளிர்ச்சியும் மாறினால் நேரமும் மாற வேண்டும். வார்மரில் எனக்குப் பிடிக்காதது ‘சூடாகவே வைத்திரு’ என்ற வசதி. 37-40 டிகிரியில் நிற்கும் பால் கிருமிக்கு விருந்து. தோதான சூட்டில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். மூன்று மணி நேரத்தில் ஒன்று ஐந்நூறைத் தாண்டும். இரவு இரண்டு மணிக்கு வேண்டும் என்று பத்து மணிக்கே அதில் வைத்துவிடுவது, சூடாக்காமல் கொடுப்பதைவிட மோசம்.

ஆம், சூடாக்காமலே கொடுக்கலாம். குழந்தை மறுக்கவில்லை என்றால் ஃப்ரிட்ஜ் பாலையே அப்படியே கொடுப்பதில் தவறில்லை. அதில் சூட்டுத் திட்டுக்கு வழியே இல்லை.

மசித்த காய், கஞ்சி போன்ற கெட்டி உணவுக்கு மட்டும் மைக்ரோவேவை ஒத்துக்கொள்கிறேன், அதுவும் நிபந்தனையோடு. கெட்டியான உணவு பாலைப் போலத் தானாகக் கலங்காது, திட்டு அங்கேயே நிற்கும். டப்பாவோடு வைக்காமல் வேறு கிண்ணத்துக்கு மாற்றி, 100 கிராம் அளவுக்கு 15 விநாடி, பிறகு அடிவரை கிளறி, 30 விநாடி விட்டு, இன்னொருமுறை கிளறி, நீங்கள் ஒரு துளி வேறு கரண்டியில் எடுத்துச் சுவைத்த பிறகு கொடுங்கள். இறைச்சி, முட்டை கலந்ததை அடுப்பிலேயே சூடாக்குங்கள்; கொழுப்பு சீக்கிரம் கொதித்துத் தெறிக்கும். குழந்தையின் கரண்டி பட்ட கிண்ணத்தில் மிஞ்சியதைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. புட்டியில் மிஞ்சிய பாலையும், குடித்து முடித்த இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்காவிட்டால், மனதைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டத்தான் வேண்டும்.