ஒரு துண்டு கேக்கும் நான்கு மணித் தட்டும்: எதற்கு எப்படி மறுப்பது?

எங்கள் பிரிவில் பதினெட்டுப் பேர் இருக்கிறோம். ஆண்டுக்குப் பதினெட்டுப் பிறந்தநாள். பதவி உயர்வு, வழியனுப்பு விழா எல்லாம் தனி. எடையைக் குறைக்கத் தொடங்கியபோது என் பயமெல்லாம் அந்தக் கேக்கின் மீதுதான் இருந்தது. கேன்டீன் பக்கம் சந்தேகமே வரவில்லை. ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டதும் பயம் இடம் மாறியது.

நாளொன்றுக்கு 400 கலோரி குறைவாகச் சாப்பிட்டு வந்தேன். வாரத்துக்கு 2,800. உடல் கொழுப்பில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்று வைத்துக்கொண்டால், வாரத்தில் 360 கிராம் அளவுக்குக் குறைய வேண்டும். பிறந்தநாள் வரும் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். 80 கிராம் கிரீம் கேக் சுமார் 300 கலோரி. மாலை நான்கு மணிக்குக் கேன்டீனில் பொரித்தது ஏதோ ஒன்றும், சர்க்கரை போட்ட தேநீரும் சேர்ந்தால் 250 வரும்; ஐந்து நாளுக்கு 1,250. இரண்டையும் சாப்பிட்டால் மிஞ்சும் பற்றாக்குறை 1,250 மட்டுமே, அதாவது 160 கிராம். கேக்கை மட்டும் மறுத்தால் அது 200 கிராம் ஆகிறது. கேன்டீன் தட்டை மட்டும் மறுத்தால் 325 கிராம். நான் என் சங்கடத்தையெல்லாம் 40 கிராமுக்காகச் செலவழித்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கசிவை எடை பார்க்கும் கருவியும் எளிதில் காட்டிக்கொடுக்காது. உப்பு, நீர் ஆகியவற்றால் மட்டுமே உடல் எடை நாளுக்கு நாள் ஒரு கிலோ வரை ஏறி இறங்கும். அதற்குள் 160 கிராம் கண்ணுக்குத் தெரியாது. மூன்று நான்கு வாரச் சராசரிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் ‘எல்லாம் சரியாகச் செய்கிறேன், ஏன் இறங்கவில்லை’ என்ற கேள்வியே எழும்.

ஆகவே மறுப்பில் இரண்டு வகை வேண்டும். எப்போதோ வருவதற்கு ஒன்று, தினமும் வருவதற்கு வேறொன்று.

முதலில் பிறந்தநாள். நான்கு வழிகளையும் முயன்று பார்த்திருக்கிறேன். அவற்றில் மோசமானது, மிக நாகரிகமாகத் தோன்றும் ‘பிறகு சாப்பிடுகிறேன்’தான். அந்தத் துண்டு காகிதத் தட்டில் கணினிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மூன்று மணிக்கு அதன் விளிம்பில் கிரீம் லேசாக உருகத் தொடங்குகிறது. ஒரு முறை மறுத்தால் முடிந்திருக்க வேண்டிய விஷயத்தை அன்று மாலைவரை இருபது முறை மறுக்க வேண்டியிருக்கிறது. ஐந்து மணிக்குப் பசியோடு இருக்கும் மனிதன் இருபத்தோராவது முறை மறுப்பதில்லை. என் விஷயத்தில் அது நின்றுகொண்டே, யாரும் பார்க்காதபோது, நான்கு வாயில் முடிந்தது. அன்றைய கணக்கில் அதை எழுதவும் மறந்துபோனேன்.

அடுத்தது சாக்குச் சொல்வது. பல் வலி, வயிறு சரியில்லை என்றால் அன்றைக்கு உடனே வேலை முடியும். ஆனால் பல் மருத்துவரிடம் போனீர்களா என்று மறுநாள் அக்கறையோடு கேட்பார்கள். பதினெட்டுப் பிறந்தநாளுக்குப் பதினெட்டு நோய்க்கு எங்கே போவது? உண்மையாகவே மருத்துவர் தடுத்திருந்தால் அதைச் சொல்வதில் தவறே இல்லை. பொய்யென்றால் அதைப் பராமரிக்கும் வேலை கேக்கை மறுப்பதைவிடப் பெரிது.

மிஞ்சுவது இரண்டு: நேராக மறுப்பது, சிறு துண்டு வாங்கிக்கொள்வது. நேராக மறுக்கும்போது வாழ்த்து முந்த வேண்டும், மறுப்பு பின்னால் வர வேண்டும். ‘வாழ்த்துகள்! எனக்கு இன்று வேண்டாம், நன்றி. இந்த வருடம் வெளியூர்ப் பயணம் ஏதாவது உண்டா?’ மூன்றாவது வாக்கியம்தான் காரியத்தைச் சாதிக்கிறது. மறுப்புக்குப் பின் மௌனம் விழுந்தால், அதை நிரப்ப எதிரில் இருப்பவர் வற்புறுத்தத் தொடங்குவார். அவர் வற்புறுத்துவதும் நமக்குக் கேக் ஊட்டுவதற்காக அல்ல, தம் மகிழ்ச்சியில் நாம் பங்கெடுக்கிறோமா என்று பார்க்கத்தான். இன்னொரு தந்திரமும் உண்டு: கத்தியை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டி எல்லோருக்கும் பரிமாறுகிறவர் சாப்பிட்டாரா என்று யாரும் கவனிப்பதில்லை.

கத்தி உங்கள் கையில் இருந்தால் நான்காவது வழியும் எளிது. விரல் அகலத்துக்கு வெட்டினால் 20 கிராம் வரும். அது சுமார் 75 கலோரி. நெருங்கிய நண்பரின் பிறந்தநாளுக்கு நான் இதைத்தான் செய்கிறேன். அன்றைய 400 பற்றாக்குறை 325 ஆகும், அவ்வளவே. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: முதல் வாய்க்குப் பின் நிறுத்த முடிகிறவருக்கு மட்டுமே இது பொருந்தும். ஒரு வாய் ருசித்தால் பெட்டி காலியாகும் என்று தன்னைப் பற்றி அறிந்தவர் நேராக மறுப்பதே மேல். ஈடுகட்ட மதிய உணவைத் தவிர்ப்பதும் வேண்டாம். அது நான்கு மணிக்கு நம்மைக் கேன்டீன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும்.

இனி அந்தக் கேன்டீன். இங்கே ‘இன்று வேண்டாம்’ உதவாது. நாளைக்கும் அதே கேள்வி வரும், தினமும் புதிதாக முடிவெடுக்க வேண்டும். இதற்கு வழக்கமாகச் சொல்லக்கூடிய ஒரு வாக்கியம் தேவை. அதிலும் ‘சாப்பிடக் கூடாது’ என்பதற்கும் ‘சாப்பிடுவதில்லை’ என்பதற்கும் தூரம் அதிகம். வனெசா பேட்ரிக், ஹென்ரிக் ஹாக்ட்வெட் என்ற இரு ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஆசை வரும்போது ‘கூடாது’ என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டவர்களைவிட, ‘செய்வதில்லை’ என்று சொல்லிக்கொண்டவர்களில் அதிகம் பேர் சத்தான தின்பண்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அது தனக்குள் பேசிக்கொள்வதைப் பற்றிய ஆய்வு. ஆனால் பிறரிடம் சொல்லும்போதும் வேறுபாட்டை நான் கண்டிருக்கிறேன். ‘கூடாது’ என்றால் தடுத்தது யார், ஒரு நாள் மீறினால் என்ன என்ற பேச்சு வளர்கிறது. ‘நான் மாலையில் எதுவும் சாப்பிடுவதில்லை’ என்றால் அது சைவம், அசைவம் போல நம்மைப் பற்றிய ஒரு தகவலாகிவிடுகிறது. அதோடு யாரும் வாதாடுவதில்லை. இதே வாக்கியத்தைக் கேக்குக்குப் பயன்படுத்த வேண்டாம். அடுத்த மாதம் நண்பருக்காக ஒரு துண்டு எடுத்தால் ‘அன்றைக்கு என் கேக்கை மட்டும் ஏன் மறுத்தாய்’ என்று கணக்குக் கேட்பார்கள்.

கேன்டீனுக்கே போகாமல் இருப்பதும் ஒரு வழிதான். இரண்டு வாரம் செய்தேன். கலோரி மிச்சமானது, அலுவலகத்தில் நடப்பது எதுவும் எனக்குத் தெரியாமல் போனது. இப்போது கூடவே போகிறேன், சர்க்கரை இல்லாத தேநீரோடு உட்கார்கிறேன். கோப்பையை நடுவில் இருக்கும் பொதுத் தட்டுக்குப் பக்கமுள்ள கையில் பிடித்துக்கொள்கிறேன். பொதுத் தட்டில் எத்தனை எடுத்தோம் என்று யாருக்கும் நினைவிருக்காது. பொரித்ததில் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி இருந்தாலே 120 கலோரி.

முதல் வாரம் நான்கு பேர் காரணம் கேட்டார்கள். இரண்டாம் வாரம் ஒருவர். மூன்றாம் வாரம் தட்டு வந்தபோது, நான் வாய் திறப்பதற்குள் பக்கத்து இருக்கைக்காரர் ‘இவர் மாலையில் சாப்பிடுவதில்லை’ என்று சொல்லி, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.