மாரிக்குப் படகைக் கவிழ்ப்பதா, நிமிர்த்தி வைப்பதா?

ஐப்பசியில் காற்று வாடைக்குத் திரும்பியதும் முல்லைத்தீவுக் கரையில் 18 அடிப் பைபர் படகுகளை மேலே இழுத்து விடுவோம். சிலர் நிமிர்ந்தபடி ரயரில் வைத்துத் தறப்பாள் போடுவார்கள், சிலர் கவிழ்த்துக் குற்றியில் வைப்பார்கள். நான் இரண்டையும் செய்து பார்த்துவிட்டு இப்போது கவிழ்த்துத்தான் வைக்கிறேன். காரணம் மழைத்தண்ணியின் பாரம்.

படகின் வாய் ஏறத்தாழ 6 சதுர மீற்றர் என்று வையுங்கள். 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் உள்ளே விழுவது 600 லீற்றர், அதாவது 600 கிலோ. படகின் சொந்த எடையைவிட அது கூட. மாரியில் இப்படி மழை ஒரே நாளில் கொட்டுவது எங்களுக்குப் புதிதில்லை. தறப்பாள் இருக்கிறதே என்பார்கள். அது நடுவில் குழிந்து தண்ணியைத் தேக்கி, காற்றடிக்கும்போது கிழிந்துபோகும். அடியில் உள்ள துவாரத்தைத் திறந்து விட்டாலும் சருகும் மணலும் வந்து அடைத்துவிடும். பாரம் ஏறியதும், ரயர் முட்டும் இரண்டு இடங்களில் மட்டும் அடிப்பைபர் உள்ளே அமுங்கும். அது அப்படியே நின்றுவிட்டால் அடுத்த பருவத்தில் படகு ஓட்டத்தில் வேகம் பிடிக்காது, அணியம் குத்தும். அடியில் ஏரா நெடுகிலும் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால் பள்ளம் தெரியும். அந்த இடத்துப் பூச்சில் சிலந்திவலை மாதிரி மயிர்வெடிப்பும் இருக்கும்.

கவிழ்த்த படகில் தண்ணி நிற்க இடமே இல்லை. ஆனால் குற்றி வைக்கும் இடம் முக்கியம். இரண்டு தென்னங்குற்றிகளைக் குறுக்கே போட்டு, படகின் மேல்விளிம்பு அவற்றில் இருக்கும்படி வைக்க வேண்டும். முனைகளில் வைத்தால் நடு தொய்யும். உள்ளே வாங்கு பொருத்தியிருக்கும் இடங்களுக்கு நேரே வைத்தால் பாரம் பலமான இடத்தில் இறங்கும். நிலத்திலிருந்து ஒரு அடியாவது உயர்ந்திருந்தால் காற்று புகுந்து உட்புறம் காயும். தென்னை, பனைக்குக் கீழே மட்டும் வேண்டாம். காய் விழுந்து அடி வெடிக்கும்.

கவிழ்த்ததன் பலவீனம் காற்று. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி வன்னியைக் கடந்துதான் மன்னார்ப் பக்கம் போனது. அப்படியொரு காற்று விளிம்புக்குக் கீழே நுழைந்தால் படகைத் தூக்கிவிடும். ஆகவே பசளைப் பைகளில் மணல் நிரப்பி, நடுவில் கயிறு கட்டி, இரு பக்கமும் இடுப்பளவு ஆழத்தில் புதைத்து, அந்தக் கயிறுகளை அடிக்கு மேலால் இழுத்துக் கட்டுகிறேன். கயிறு தேய்க்கும் இடத்தில் பழைய ரியூப் துண்டு. தூக்கிக் கவிழ்க்க ஆறேழு பேர் வேண்டும் என்பது உண்மைதான். ஆள் கிடைக்காதவர்கள் நிமிர்த்தி வைக்கலாம், ஆனால் அணியத்தை நன்றாக உயர்த்தி, துவாரத்தைத் திறந்து, ஒவ்வொரு மழைக்கும் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் படகு இருக்க வேண்டும். 23 அடிப் படகைக் கவிழ்த்து எனக்குப் பழக்கமில்லை. அதற்கு இதே முறையைத்தான் சொல்வேன் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

எரிபொருளிலும் இரண்டு கட்சி உண்டு: தாங்கியை நிரப்பி வைப்பது, வெறுமையாக்குவது. கழற்றி எடுக்கும் சின்னத் தாங்கி என்றால் வெறுமையாக்குவதே நல்லது, மிச்சத்தை வேறு வேலைக்குப் பாவித்துவிடலாம். பெரிய கவனம் கார்பரேற்றரில் வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடும் இஞ்சினைக் கடைசி ஓட்டத்தில் பெற்றோலுக்கு மாற்றி, பீப்பாயில் நல்ல தண்ணி நிரப்பி, தண்ணி உறிஞ்சும் துவாரம் மூழ்க ஓட விட்டு உப்பைக் கழுவுங்கள். பிறகு எரிபொருள் குழாயைக் கழற்றி, தானாக நிற்கும்வரை ஓட விடுவதுதான் பலருடைய வழக்கம். எண்ணெய் கலந்த பெற்றோலில் ஓடும் இரு வீச்சு இஞ்சினுக்குப் பெற்றோல் குறையும்போது எண்ணெயும் குறைகிறது. அதனால் நான் நிறுத்திவிட்டு, கார்பரேற்றரின் அடியிலுள்ள திருகாணியைக் கழற்றி வடிக்கிறேன். வடிக்காமல் விட்டால் பெற்றோல் ஆவியாகி, மிஞ்சும் பிசின் ஜெற்றின் ஊசித்துளையை அடைக்கும். பிறகு பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று தரம் இழுத்து, திரும்பப் பூட்டுங்கள். இஞ்சினைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தித் தொங்க விட்டால் உள்ளே நிற்கும் தண்ணி கீழே வடிந்துவிடும்.

பற்றறியில் பெரிய வாக்குவாதம் இல்லை. படகில் விட்டுவைப்பதா, வீட்டுக்குக் கொண்டு போவதா என்றால் வீட்டுக்குத்தான். முழுக்க ஏற்றிய 12 வோல்ற் ஈயப் பற்றறி, சார்ஜரைக் கழற்றிச் சில மணிநேரம் ஆறவிட்ட பிறகு 12.6 வோல்றுக்குக் கிட்டக் காட்டும். 12.4க்கு இறங்கினால் திரும்ப ஏற்றுங்கள். குறைந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேற்று இறுகி, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பிடிக்காது.