நெற்றியில் விபூதிப் பட்டை: வரைவதா, ஒட்டுவதா?

மயிலாப்பூர் ஸ்டுடியோக்களுக்கு வரும் பழைய தாத்தா படங்களில் அடிக்கடி கேட்கப்படுவது, “நெத்தியில பட்டை போட்டுக் குடுங்க.” போட்டோஷாப்பில் இதற்கு இரண்டு வழி உண்டு.

நேரம்: பிரஷ்ஷால் வரைவது சீக்கிரம் முடியும். உண்மையான விபூதியைப் படமெடுத்து ஒட்டினால் கூடுதல் நேரம் பிடிக்கும், ஒளி வரும் திசையும் பொருந்த வேண்டும்.

தோல்: வரைந்த பட்டை சுருக்கத்தின் மேலும் ஒரே வெள்ளையாக ஓடும், ஸ்டிக்கர் மாதிரி தெரியும். நிஜத்தில் விரல் ஆழமான சுருக்கத்தைத் தொடாமல் தாண்டும், அங்கே தோல் தெரியும். ஒட்டும் படத்திலோ திட்டுத்திட்டான சாம்பல் தானாகவே வந்துவிடும். ஆனால் தாத்தாவின் சுருக்கத்துக்கு அது வளையாது, Displace ஃபில்டர் வேண்டும்.

வரைந்ததைக் காப்பாற்ற Layer Style-இல் Blend If இருக்கிறது. Underlying Layer-இல் கறுப்பு முக்கோணத்தை Alt அழுத்திப் பிரித்து, வலப்பாதியை மெல்ல நகர்த்துங்கள். சுருக்கக் கோடுகள் பட்டையைக் கிழித்துக்கொண்டு மேலே வரும்.

வெளிச்சம்: இரண்டிலும் பொதுவான தவறு, நிழல் பக்கமும் பளிச்சென்று விடுவது. விபூதி ஒளிராது. நிழலில் அதை மங்கலாக்குங்கள். குங்குமத்துக்கு Multiply போதும், அது தோலின் நிழலை அப்படியே காட்டும்.

சின்ன பிரிண்டுக்கு வரைவதே போதும். கூடத்தில் மாட்டும் பெரிய படத்துக்கு ஒட்டுவதையே சொல்வேன்.