பழைய ஆம்ப்ளிஃபயரில் ப்ளூடூத் மாட்டக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அப்பாவின் ஆம்ப்ளிஃபயரும் ரெக்கார்ட் பிளேயரும் பல வருடமாகப் பரண்மேல் கிடந்தன. போன மாதம் இறக்கித் துடைத்துப் போட்டுப் பார்த்தேன், இரண்டும் நன்றாகவே பாடின. ஃபோனில் இருக்கும் பாட்டையும் இதிலேயே கேட்கலாமே என்று, ஒரு ப்ளூடூத் ரிசீவர் மாட்டித் தரச் சொல்லி இரண்டையும் பாலக்காட்டில் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். வீடு திரும்பும்போது 8,300 ரூபாய் போயிருந்தது. பிளேயரின் முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜும், அப்பா பார்த்துப் பார்த்து வாங்கியது, போயிருந்தது.

ரிசீவர் 1,600 ரூபாய், அதில் குறை இல்லை. மாட்டிப் பாட்டைப் போட்டதும் பேஸ் குமுறியது. பாடுகிறவர் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கலாக, கரகரவென்று இருந்தது. கடைக்காரர் உடனே, "அண்ணா, பவர் செக்‌ஷன் வீக். கெப்பாசிட்டர் எல்லாம் மாத்தணும்" என்றார். அதற்கு 3,800. அடுத்து ரெக்கார்ட் பிளேயரை ஓட்டினார். கொசு பாடுவதுபோலச் சத்தம், பேஸே இல்லை. "முள் தேஞ்சுபோச்சு, கார்ட்ரிட்ஜையே மாத்திடலாம்." அதற்கு 2,900.

மறுநாள் வாங்கப் போனபோது ஃபோனில் வால்யூமை இரண்டு கோட்டுக்கு இறக்கி, ஆம்ப்பில் ட்ரெபிளை முழுக்க ஏற்றிப் போட்டுக் காட்டினார். கரகரப்பு இல்லை, நானும் நம்பிவிட்டேன். ரெக்கார்டுக்கு வால்யூமை முக்கால்வாசி திருப்பி, "பழைய பிளேயர், இவ்வளவுதான் வரும்" என்றார். ஆனால் வீட்டில் அதே பிளேயர் கால்வாசி வால்யூமில் கூடத்தையே நிறைத்ததை நான் கேட்டிருக்கிறேனே!

எங்கள் தெருவில் ரேடியோ ரிப்பேர் பார்த்து ஓய்ந்த மாமா ஒருவர் இருக்கிறார். வந்தார், ஆம்ப்பின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார். "வயரை மாத்திக் குத்தியிருக்கான் தம்பி" என்றார். ரெக்கார்ட் பிளேயருக்கென்றே இருக்கும், போனோ என்று எழுதிய துளையில் ரிசீவர் இருந்தது. மற்ற கருவிகளுக்கான ஆக்ஸ் துளையில் ரெக்கார்ட் பிளேயர். இரண்டையும் உருவி இடம் மாற்றிச் செருகினார், பிளேயரின் மெல்லிய எர்த் வயரைப் பின்னால் இருந்த திருகில் முடுக்கினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டும் பழையபடி பாடின.

காரணத்தையும் அவரே சொன்னார். காந்த வகைக் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட்தான். ரிசீவரிலிருந்து வருவது ஒரு வோல்ட் அளவில், அதாவது ஏறக்குறைய இருநூறு மடங்கு. போனோ துளைக்குப் பின்னால் அந்த 5 மில்லிவோல்ட்டை நூறு மடங்கு போலப் பெருக்கும் தனிச் சர்க்யூட் உண்டு. அதற்குள் ஒரு வோல்ட்டைத் தள்ளினால் கரகரக்காமல் என்ன செய்யும்? அதோடு, இசைத்தட்டில் பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். அதைச் சரிக்கட்ட, நடு ஒலியோடு ஒப்பிட்டால் போனோ சர்க்யூட் 50 ஹெர்ட்ஸை ஏழு மடங்கு தூக்கும், 10,000 ஹெர்ட்ஸை ஐந்தில் ஒன்றாக அமுக்கும். ஃபோன் பாட்டுக்கு அந்த மாற்றம் தேவையே இல்லை. அதனால்தான் ஃபோனில் வால்யூமைக் குறைத்தால் கரகரப்பு போகும், குமுறலும் மங்கலும் போகாது. ரெக்கார்ட் பிளேயரை ஆக்ஸில் குத்தினால் இதற்கு நேர் எதிர்: பெருக்கமும் இல்லை, பேஸும் இல்லை.

ஆகவே ரிசீவர் போட்டதும் ஒலி கெட்டால், ஆம்ப்பைத் திறக்க விடாதீர்கள். ரிசீவரை ஆக்ஸ், ட்யூனர், டேப் பிளே இவற்றில் ஏதாவது ஒன்றில் செருகச் சொல்லுங்கள். டேப் ரெக் என்று இருப்பதில் வேண்டாம், அது வெளியே போகும் வழி. செலக்டரையும் அதே பெயருக்குத் திருப்பி, ஃபோன் வால்யூமை முக்காலுக்கு மேல் வைத்து, ஆம்ப்பில் மெதுவாக ஏற்றிக் கேளுங்கள். தெளிவாக வந்தால் பவர் செக்‌ஷனில் ஒரு கோளாறும் இல்லை. ரெக்கார்ட் பிளேயர் போனோவில்தான் இருக்க வேண்டும். அந்தப் போனோ சர்க்யூட்டை, அதாவது ப்ரீஆம்ப்பை, உள்ளேயே வைத்து வரும் புதிய மாடல்களும், சூட்கேஸ் மாதிரியான பழைய பிளேயர்களில் வரும் செராமிக் கார்ட்ரிட்ஜும் இதற்கு விலக்கு. செருகியபின் ம்ம்ம் என்று இரைந்தால், முதலில் எர்த் வயரைப் பாருங்கள்.

கழற்றிய கார்ட்ரிட்ஜைக் கேட்டு மறுபடி பாலக்காடு போனேன். குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அந்தப் பழைய முள் உண்மையிலேயே தேய்ந்திருந்ததா என்று பார்க்கக்கூட இனி வழியில்லை. பில்லில் 'சர்வீஸ்' என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. எந்தக் கெப்பாசிட்டர், எத்தனை என்று ஒரு வரிகூட இல்லை.