லூட்டீன் மாத்திரையா, மீன் எண்ணெயா, கீரைக் கட்டா? மாமாவின் கண்ணை வைத்து ஓர் அலசல்

கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கும் என் மாமாவுக்கு 68 வயது. கண்ணாடியின் அளவை மாற்றுவதற்காகப் போனவரிடம், இரண்டு கண்களின் விழித்திரை மையத்திலும் பெரிய மஞ்சள் படிவுகள் இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார். முதுமையில் வரும் மையத் தேய்வு, இடைநிலை என்று சீட்டில் எழுதியிருந்தது. திருப்பூரில் வேலை செய்யும் அவர் மகள் மறுநாளே மீன் எண்ணெய் மாத்திரை ஒரு டப்பா வாங்கி அனுப்பினாள். ஊர் மருந்துக் கடையில் லூட்டீன் மாத்திரை ஓர் அட்டை கொடுத்தார்கள். அத்தையோ, "பொன்னாங்கண்ணியை விட்டால் கண்ணுக்கு வேறு மருந்து ஏதுங்க?" என்று தினமும் கீரை கடையத் தொடங்கினார். கண் பரிசோதனை என் தொழில் என்பதால் மூன்றையும் என் முன்னால் வைத்துவிட்டு, "எது வேலை செய்யும், கண்ணு?" என்று கேட்டார் மாமா.

பொருளைப் பார்ப்பதற்கு முன் கண் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாத்திரை பற்றிய நல்ல சான்று முழுவதும் அந்த இடைநிலையைச் சுற்றித்தான் இருக்கிறது. விழித்திரைக்கு அடியில் சேரும் கழிவுப் படிவுகளுக்கு ட்ரூசன் என்று பெயர். அவற்றில் ஒன்றாவது சுமார் 125 மைக்ரான் அகலத்தைத் தாண்டியிருந்தால், அல்லது நடுத்தர அளவில் பல இருந்தால், அது இடைநிலை. சிறு படிவுகள் மட்டும் உள்ள தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு மாத்திரையால் பயன் இருப்பதாகக் காட்டப்படவில்லை. கண்ணில் ஒன்றுமே இல்லாதவர்கள் முன்னெச்சரிக்கையாக விழுங்குவதற்கும் ஆதாரம் இல்லை.

முதலில் லூட்டீன். விழித்திரையின் நடுப்பகுதி மஞ்சளாக இருப்பதற்குக் காரணமே லூட்டீனும் அதன் உடன்பிறப்பான சீயாசாந்தினும்தான். உடல் இவற்றைத் தானாகச் செய்யாது, உணவிலிருந்துதான் வர வேண்டும். மாத்திரை எடுத்தால் இந்த மஞ்சள் நிறமி கூடுவதை அளந்து காட்ட முடியும், விற்பவர்களும் அதைத்தான் காட்டுகிறார்கள். நிறமி கூடுவது ஒன்று, பார்வை காப்பாற்றப்படுவது வேறு. இரண்டாவதைச் சொல்ல வேண்டுமானால் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்திருக்க வேண்டும்.

அப்படிப் பின்தொடர்ந்தது அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனம். 2001-இல் வெளிவந்த அதன் முதல் ஆய்வான ஏரெட்ஸில் லூட்டீனே இல்லை. 500 மில்லிகிராம் வைட்டமின் சி, 400 யூனிட் வைட்டமின் ஈ, 15 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், 80 மில்லிகிராம் துத்தநாகம், 2 மில்லிகிராம் தாமிரம் ஆகியவை சேர்ந்த கலவைதான் சோதிக்கப்பட்டது. இடைநிலையில் இருந்தவர்களிலும், ஒரு கண்ணில் மட்டும் நோய் முற்றியவர்களிலும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் ஐந்தாண்டுகளில் 100-க்கு 28 பேருக்கு நோய் முற்றியது. கலவை எடுத்தவர்களில் அது 20 பேர். போன பார்வை யாருக்கும் திரும்பவில்லை, நோய் முற்றும் வாய்ப்பு குறைந்தது. மாமாவிடம் நான் முதலில் சொன்னதும் இதைத்தான்.

2013-இல் வந்த இரண்டாம் ஆய்வு அந்தக் கலவையோடு 10 மில்லிகிராம் லூட்டீனும் 2 மில்லிகிராம் சீயாசாந்தினும் சேர்த்துப் பார்த்தது. எல்லோரையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால், சேர்த்ததால் கூடுதல் பயன் தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் இரண்டு செய்திகள் வெளிப்பட்டன. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வந்திருந்தது, அப்படிப் புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலோர் முன்பு புகைத்து விட்டவர்கள். எனவே பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் லூட்டீனை வைத்தார்கள். பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்து 2022-இல் வெளியிட்ட முடிவும் இந்த மாற்றம் சரியே என்றது. இரண்டாவது செய்தி எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. லூட்டீன் சேர்த்ததால் தெளிவாகப் பயனடைந்தவர்கள், உணவில் லூட்டீனை மிகக் குறைவாக எடுத்துவந்த பிரிவினர். அதாவது கீரை சாப்பிடாதவர்கள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு மாமாவின் அட்டையைத் திருப்பிப் படித்தேன். லூட்டீன் 10, சீயாசாந்தின் 2 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே வைட்டமின் சி 40 மில்லிகிராம், துத்தநாகம் 12 மில்லிகிராம், வைட்டமின் ஈ பத்தே மில்லிகிராம். ஆய்வில் வேலை செய்த கலவை இதில் இல்லை. லூட்டீன் என்ற பெயர் மட்டும் பொருந்துகிறது, அதைத் தாங்கிய மற்றவை ஆய்வின் அளவில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. கண் மாத்திரை என்று விற்கப்படும் பலவற்றில் நான் காணும் குறை இதுதான். வீட்டில் இன்னொரு பழைய அட்டையும் கிடந்தது. அதில் அளவுகள் ஏறக்குறைய சரியாக இருந்தன, ஆனால் 15 மில்லிகிராம் பீட்டா கரோட்டினும் இருந்தது. மாமா இருபத்தைந்து ஆண்டுகள் பீடி குடித்து விட்டவர். அந்த அட்டையைக் குப்பையில் போடச் சொன்னேன்.

அடுத்து மீன் எண்ணெய். விழித்திரைச் செல்களின் சவ்வில் ஒமேகா-3 கொழுப்பான டிஎச்ஏ நிறைய இருப்பதால் இது உதவும் என்று எண்ணுவது இயல்பே. அதே இரண்டாம் ஆய்வில் 350 மில்லிகிராம் டிஎச்ஏவும், மீன் எண்ணெயின் இன்னொரு ஒமேகா-3 கொழுப்பான இபிஏ 650 மில்லிகிராமும் தினமும் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் முற்றுவது குறையவில்லை.

கண் வறட்சிக்காக இதை வாங்குகிறவர்கள் நம் பக்கம் இன்னும் அதிகம். நூற்பாலையின் பஞ்சுத் தூசியிலும், நாள் முழுவதும் கணினித் திரை முன்னாலும் இருக்கும் பிள்ளைகள் கண் உறுத்துகிறது என்று வருகிறார்கள். இதற்கு ட்ரீம் என்ற ஆய்வு 2018-இல் வந்தது. 535 பேர் ஓர் ஆண்டு கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினருக்குத் தினமும் 3 கிராம் ஒமேகா-3, மற்றவர்களுக்கு ஆலிவ் எண்ணெய். தொல்லை நன்றாகக் குறைந்ததாகச் சொன்னவர்கள் முதல் பிரிவில் 100-க்கு 61 பேர், ஆலிவ் எண்ணெய்ப் பிரிவில் 54 பேர். தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம்தான் அது. எனக்குக் கேட்டது என்று மனதாரச் சொல்கிறவர்கள் ஏன் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதற்கும் அந்த 54-தான் விடை. எதைக் குடித்திருந்தாலும் அவர்களில் பலருக்குக் குறைந்திருக்கும்.

மீனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உக்கடம் மீன் சந்தைக்குக் கேரளக் கடற்கரையிலிருந்து வரும் மத்தியும் அயிலையும் நல்ல உணவு. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இந்நோய் குறைவாக வருவதாக மக்களைக் கவனித்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அவர்கள் வேறு பல விதங்களிலும் நன்றாக உண்கிறவர்கள். அதை எண்ணெயாகப் பிழிந்து மாத்திரையில் அடைத்தபோது பயன் தெரியவில்லை. சைவக் குடும்பங்கள் நம்பும் ஆளி விதையில் இருப்பது வேறு வகை ஒமேகா-3, உடல் அதில் மிகச் சிறு பகுதியைத்தான் டிஎச்ஏவாக மாற்றுகிறது. மாமாவின் மீன் எண்ணெயை, கண்ணுக்காக என்றால் நிறுத்திவிடலாம் என்றேன். மகள் மனம் நோகுமே என்று தயங்கினார். நானே அவளிடம் பேசினேன்.

இனி அத்தையின் கீரை. 1994-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பசலை வகைக் கீரைகளை அதிகம் உண்டவர்களுக்கு முற்றிய மையத் தேய்வு கணிசமாகக் குறைவாக இருந்தது. லூட்டீன் மீது கவனம் திரும்பியதே அதன் பிறகுதான். இதுவும் மக்களைக் கவனித்த ஆய்வுதான், கீரை கொடுத்துச் சோதித்தது அல்ல. எனவே கீரை தடுக்கும் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் லூட்டீன் கணக்கில் கீரை எதற்கும் குறைந்ததில்லை. நூறு கிராம் பாலக்கீரையில் பச்சையாகவே 12 மில்லிகிராம் அளவுக்கு லூட்டீனும் சீயாசாந்தினும் இருக்கின்றன. முருங்கை, பொன்னாங்கண்ணி, பண்ணைக்கீரை என நம் கரும்பச்சைக் கீரைகளிலும் லூட்டீன் உண்டு.

சமைக்கும் விதத்தில்தான் கோட்டை விடுகிறோம். லூட்டீன் கொழுப்பில் கரைவது, எண்ணெய் இல்லாமல் அவித்த கீரையிலிருந்து குடல் அதைக் குறைவாகவே எடுக்கும். கொலஸ்டிராலுக்குப் பயந்து அத்தை சொட்டு எண்ணெய் இல்லாமல் கடைந்துகொண்டிருந்தார். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் தாளித்து, கொஞ்சம் தேங்காய்த் துருவலும் சேர்க்கச் சொன்னேன். நன்றாகக் கடைவது இலையின் செல்களை உடைத்து நிறமியை வெளிவிடுகிறது, அந்த வகையில் நம் கடைசல் நல்ல முறை. முட்டை மஞ்சள் கருவில் லூட்டீன் குறைவுதான், ஆனால் கொழுப்போடு இருப்பதால் நன்றாக உடலில் சேரும்.

கீரையில் உள்ள பீட்டா கரோட்டின் வைட்டமின் ஏ-வாக மாறுவது, மாலைக்கண்ணைத் தடுப்பது அதுதான். லூட்டீன் அப்படி மாறாது, அதன் வேலை வேறு. மாத்திரையாக எடுக்கும் பீட்டா கரோட்டினுக்குச் சொன்ன புற்றுநோய் எச்சரிக்கை கீரைக்குப் பொருந்தாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் மட்டும் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குலைக்கும். சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவர்களும் கண் அழுத்த நோய் உள்ளவர்களும் இந்த மூன்றில் எதையும் மருந்தாக நம்ப வேண்டாம், அவற்றுக்குச் சிகிச்சையே வேறு.

கீரையால் முடியாத ஒன்றும் உண்டு. ஆய்வில் இருந்த துத்தநாகத்தையும் வைட்டமின் ஈ-யையும் எந்தக் கீரையும் எந்தத் தட்டும் கொடுக்காது. ஆகவே மாமாவின் நிலையில் இருப்பவருக்கு அத்தையின் கடைசல் மட்டும் போதாது. அவருடைய மருத்துவரிடம் ஆய்வின் அளவுகளை எழுதிய காகிதத்தோடு போனோம். பீட்டா கரோட்டின் இல்லாத முழுக் கலவையை அவர் எழுதிக் கொடுத்தார். 80 மில்லிகிராம் துத்தநாகம் வயிற்றைப் புரட்டலாம் என்பதால் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கச் சொன்னார். அதிகத் துத்தநாகம் உடலின் தாமிரத்தைக் குறைத்து ரத்தசோகை தரும், அதனால்தான் கலவையில் 2 மில்லிகிராம் தாமிரம் இருக்கிறது. தாமிரம் இல்லாத அட்டையை வாங்க வேண்டாம் என்றும் சொன்னார்.

மாமாவின் நாற்பது வயது மகன், அப்பாவுக்கு வந்தது தனக்கும் வருமோ என்று கேட்டான். பரம்பரை ஆபத்து உண்டு என்பது உண்மை. அவன் கண்ணைப் பார்த்தேன், படிவு எதுவும் இல்லை. லூட்டீன் மாத்திரை வேண்டாம், அம்மா கடையும் கீரையைச் சாப்பிடு, சிகரெட்டை இன்றோடு விடு என்றேன். இந்த நோயில் நாமே மாற்றக்கூடிய காரணங்களில் புகைதான் பெரியது.

மாமா வீட்டுச் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில், நடுவில் ஒரு புள்ளி வைத்த கட்டங்களின் தாளை ஒட்டி வைத்திருக்கிறேன். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஓர் அடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் புள்ளியைப் பார்க்கிறார். பிறகு அடுத்த கண். கோடு வளைந்தோ நடுவில் ஓர் இடம் மறைந்தோ தெரிந்தால், புதிய ரத்தக் குழாய் கசியத் தொடங்கிவிட்டது என்று பொருளாகலாம். அதற்கு மாத்திரையும் கீரையும் உதவாது, சில நாட்களுக்குள் கண்ணில் ஊசி போட வேண்டியிருக்கும். இதுவரை கோடுகள் நேராகத்தான் இருக்கின்றன என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் தொலைபேசியில் சொல்கிறார்.