ஒரே ஐசியூ மீட்டிங், வீட்டில் நாலு விதமான முடிவு

இந்த முறை சென்னை வந்தது அப்பாவுக்காக. வைத்தியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நர்ஸ்கள் தங்கமானவர்கள். என்னை உலுக்கியது ஐசியூ டாக்டருடன் நடந்த குடும்ப மீட்டிங்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுமையாகப் பேசினார். வெளியே காரிடாரில் வந்து நின்றால், ஆளுக்கொரு மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டு வந்ததுபோலப் பேசுகிறார்கள்.

அத்தை "வைத்தியத்தை நிறுத்தப் போறாங்களாம்" என்று அழுகிறார். சித்தப்பா "கிட்னி திரும்பிடும்னு சொன்னாரே, அண்ணன் எழுந்திடுவார்" என்கிறார். அண்ணன் டயாலிசிஸ் வேண்டாம் என்று முடிவாகிவிட்டதாக மதுரைக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அம்மா எதுவும் பேசவில்லை.

டொராண்டோவில் மாமனார் ஐசியூவில் இருந்தபோது, மீட்டிங் முடிந்ததும் சோஷியல் வொர்க்கர் ஒரு பக்கக் குறிப்பைக் கையில் கொடுத்தார். இங்கே டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார். வீட்டுக்கென்று ஒரு வரி இல்லை. முன்பெல்லாம் குடும்ப டாக்டர் மாலையில் வீட்டுக்கே வந்து பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவார், அது எல்லோருக்கும் ஒரே செய்தியாகப் போய்ச் சேரும். இப்போது அந்த வேலையைச் செய்ய யாருமில்லை. சரி, நானே எழுதுகிறேன் என்று கேன்டீனில் உட்கார்ந்தேன்.

பேசிய வரிசையில் எழுதினால் உதவாது. அத்தை கேட்ட கேள்வியும் டாக்டர் சொன்ன பதிலும் வேறு வேறு இடத்தில் கிடக்கும். அதனால் மேலே தேதியும் நேரமும் போட்டு, இப்போதைய நிலை, பேசிய வழிகள், முடிவானவை, முடிவாகாதவை என்று பிரித்தேன். ஐசியூவில் நிலைமை மணிக்கணக்கில் மாறும். தேதியில்லாத குறிப்பு நாளைக்கே தப்பான செய்தியாகிவிடும்.

நிலையை எழுதும்போது ஒவ்வொரு உறுப்பையும் ஆளையும் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. சித்தப்பா கேட்டது பொய்யில்லை. கிட்னி தேற வாய்ப்புண்டு என்று டாக்டர் சொன்னார்தான். ஆனால் 78 வயது, இரண்டு நுரையீரலிலும் நிமோனியா, கிருமித் தொற்றால் ரத்த அழுத்தம் விழுந்துபோகும் செப்டிக் ஷாக், வென்டிலேட்டர் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பிழைக்கும் வாய்ப்பு குறைவு என்றும் சொன்னார். பிழைத்தாலும் பழையபடி தானாக நடமாடுவது நிச்சயமில்லை என்றார். மூன்றையும் மூன்று தனி வரியாக, அவர் சொன்ன அழுத்தத்திலேயே எழுதினேன். நானாக ஒரு சதவீதக் கணக்கு போடவில்லை.

பிறகு அத்தையின் அழுகை. முடிவானது இதுதான்: இதயம் நின்றால் நெஞ்சை அழுத்துவதோ மின் ஷாக் கொடுப்பதோ வேண்டாம். அதற்குக் கீழேயே, வென்டிலேட்டர், ஆன்டிபயாடிக், ரத்த அழுத்தத்தைத் தாங்கும் நார்அட்ரினலின் மூன்றும் தொடரும் என்று எழுதினேன். எது தொடரும் என்று எழுதாவிட்டால், எது வேண்டாம் என்பது மட்டும்தான் காதில் நிற்கும்.

வென்டிலேட்டரை எடுப்பது பற்றி மாப்பிள்ளை கேட்டது வழிகள் பகுதிக்குப் போனது. அது பேச்சு மட்டுமே, முடிவு அல்ல. கனடாவில் டாக்டரும் குடும்பமும் ஒத்துக்கொண்டாலே பொதுவாகப் போதும். இங்கே உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பும், அதை எளிதாக்கிய 2023 உத்தரவும் சொல்கிறபடி, மருத்துவமனையின் முதல் டாக்டர் குழுவும், அதில் இல்லாதவர்களைக் கொண்ட இரண்டாவது குழுவும் ஒத்துக்கொள்ள வேண்டும். அப்படியொரு பேச்சு வந்தால் இந்த வழியில்தான் போகும் என்று டாக்டர் விளக்கியதையும் சேர்த்தேன்.

இன்னொரு முடிவு, 72 மணி நேரம் முழு வைத்தியம் கொடுத்துப் பார்ப்பது. எதைப் பார்ப்பது என்று எழுதாத கெடுவுக்கு அர்த்தமில்லை. நார்அட்ரினலின் அளவு இறங்குகிறதா, வென்டிலேட்டரில் 70 சதவீதமாக ஓடும் ஆக்ஸிஜன் 50க்குக் கீழே வருகிறதா, சிறுநீர் கூடுகிறதா, மயக்க மருந்தைக் குறைத்தால் கண் திறக்கிறாரா. இந்த நான்கையும் எழுதி, மறு மீட்டிங்கின் நாளையும் குறித்தேன்.

டயாலிசிஸ் வரியில் கேள்விக்குறி போட்டு வைத்து, தாளை டியூட்டி டாக்டரிடம் நீட்டினேன். சின்னப் பையன்தான், விரட்டுவார் என்று நினைத்தேன். நின்றுகொண்டே முழுவதையும் படித்தார். "வேண்டாம்னு முடிவாகலை சார். இன்னிக்குத் தேவைப்படலை. பொட்டாசியம் ஏறினாலோ நுரையீரல்ல தண்ணி கோர்த்தாலோ உங்ககிட்ட கேட்போம்" என்று சொல்லி, அதைத் தன் கையாலேயே 'முடிவாகாதவை' என்பதன் கீழ் எழுதினார். ராத்திரி யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டு, அண்ணன் நம்பரையும் சேர்த்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

படம் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டேன். அத்தைக்கு அம்மாவே படித்துக் காட்டினார். மூன்றாம் நாள் மீட்டிங்கில் மருந்தும் ஆக்ஸிஜனும் இறங்கியிருந்தன, அப்பா கண் திறந்திருந்தார். சிறுநீர் மட்டும் கூடவில்லை. அதனால் பேச வேண்டியிருந்தது டயாலிசிஸ் ஒன்றுதான், கால் மணி நேரத்தில் சம்மதம் சொன்னோம். இவ்வளவு நல்ல டாக்டர்கள் இருக்கும் ஊரில், அந்த ஒரு தாளை மருத்துவமனையே ஏன் கொடுக்கக் கூடாது?