டாஷ்போர்டு முழுக்கப் பச்சை, 70 நிமிடம் ஓடிபி போகவில்லை: கண்காணிப்பை வெளியே ஒப்படைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மெசேஜ் அனுப்பும் அமைப்புக்குக் கண்காணிப்பு போட்டுத் தருகிறோம் என்று ஒப்பந்தம் எடுத்த ஒரு குழு (பெயர் வேண்டாம்) இரண்டு அலெர்ட் வைத்துக் கொடுத்தது. கியூவில் தாமதம் ஆனால் ஒன்று, அனுப்பும் எண்ணிக்கை திடீரென விழுந்தால் இன்னொன்று. கேட்டதும் அதுதான், பில்லில் இருந்ததும் அதுதான். உண்மையான கோளாறு வந்த அன்று இரண்டுமே வாய் திறக்கவில்லை. இதே வேலையை யாரிடமாவது கொடுக்கப் போகிறவர்கள் கடைசித் தவணையைக் கொடுக்குமுன் இதைப் படித்துவிடுங்கள்.

அமைப்பு சாதாரணமானதுதான். செயலி மெசேஜைக் கியூவில் போடும், வொர்க்கர் எடுத்து எஸ்எம்எஸ் கேட்வேக்கு அனுப்பும். ஓடிபி நிமிடத்துக்கு சுமார் 40 போகும், ஒவ்வொன்றும் 5 நிமிடம்தான் செல்லும். காலை 10:05-க்குக் கேட்வே எல்லாக் கோரிக்கைக்கும் 429 என்று திருப்பியடிக்கத் தொடங்கியது. 11:15-க்குத்தான் சரியானது. இடைப்பட்ட 70 நிமிடத்தில் 2800 ஓடிபி சிக்கிக்கொண்டன. அந்த நேரம் முழுக்க டாஷ்போர்டில் கியூ தாமதம் 25 வினாடிக்கு மேல் ஏறவில்லை. அனுப்பிய எண்ணிக்கைக் கோடோ விழுவதற்குப் பதில் செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது. புகார் வந்தது பயனர்களிடமிருந்து.

தாமதம் ஏன் தெரியவில்லை? 429 வந்தால் வொர்க்கர் அந்த மெசேஜை 20 வினாடி கழித்துப் புது மெசேஜாகத் திரும்பக் கியூவில் போடும்படி எழுதப்பட்டிருந்தது. கியூவைப் பொறுத்தவரை அது அப்போதுதான் பிறந்த மெசேஜ். ஒரு மணி நேரமாக அலைந்துகொண்டிருக்கும் ஓடிபிக்கும் ஒவ்வொரு சுற்றிலும் வயது பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. அலெர்ட் பார்த்ததோ கியூவிலேயே பழைய மெசேஜின் வயதை மட்டும், வரம்பு 60 வினாடி. இந்த மாதிரிக் கோளாறில் அது எந்தக் காலத்திலும் அடித்திருக்காது. இந்த இரண்டும் போக, கியூவின் நீளத்துக்கும் ஒரு அலெர்ட் இருந்தது. ஆனால் விளம்பர மெசேஜ்கள் மொத்தமாக வரும்போது தொந்தரவு என்று அதன் வரம்பை 10,000-இல் வைத்திருந்தார்கள். 2800 அதன் பக்கத்தில்கூடப் போகாது.

எண்ணிக்கை ஏன் ஏறியது என்பது இன்னும் கேவலம். `notify_sent_total` என்ற கவுண்டரைக் கேட்வேயை அழைக்கும் வரிக்கு முன்னால் கூட்டியிருந்தார்கள். அதாவது அது அனுப்பியதை எண்ணவில்லை, முயன்றதை எண்ணியது. பத்து நிமிடத்தில் 400 மெசேஜ் தேங்கியதும், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு மூன்று முறை முயன்றதால் 1200 என்று கணக்கு காட்டியது. வழக்கமான 40-க்கு இது 30 மடங்கு. விழுந்தால் அடிக்கும் அலெர்ட்டுக்கு இதைவிட நல்ல நாள் இருக்க முடியாது.

புகார் சொன்னதும், "வரம்புக்குள்தானே இருந்தது" என்று பதில் வந்தது. கூடவே ஆய்வுக் கட்டணம் என்று தனி பில். பிறகு திருத்தம் என்று ஒன்று அனுப்பினார்கள். செயலி மெசேஜை உருவாக்கும்போதே `created_at` நேரத்தை உள்ளே எழுதிவிட வேண்டும், மறுமுயற்சியில் அதைத் தொடக்கூடாது, வொர்க்கர் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்து ஹிஸ்டோகிராமில் பதிய வேண்டும். யோசனை சரியானதுதான். அனுப்பி முடித்த பின் மட்டும் பதிந்தால், எதுவுமே போகாத நேரத்தில் அளவீடே இருக்காது. அதனால் எடுக்கும்போதே பதிவதுதான் முறை.

ஆனால் ஹிஸ்டோகிராமின் பக்கெட்டுகளை அப்படியே விட்டுவிட்டார்கள். பிரொமீதியஸ் லைப்ரரிகள் பலவற்றில் இயல்பாக வரும் பக்கெட்டுகள் 10 வினாடியோடு முடிந்துவிடும். அதற்கு மேல் உள்ள எல்லாமே `+Inf`-இல் விழும். அப்போது `histogram_quantile` கடைசி எல்லையான 10-ஐத்தான் திருப்பித் தரும். மெசேஜ் ஒரு மணி நேரம் தாமதமானாலும் விடை 10. "60-க்கு மேல் போனால் அடி" என்ற விதி காலம் முழுக்கத் தூங்கும். உங்கள் டாஷ்போர்டில் தாமதக் கோடு 10-இல் தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தால் முதலில் இதைப் பாருங்கள். ஓடிபிக்கு 5, 15, 30, 60, 120, 300, 900, 3600 என்று வைத்தால் போதும்.

இதை வைத்துக்கொண்டு கியூ தரும் வயதைத் தூக்கிவிடாதீர்கள். வொர்க்கரே செத்துவிட்டால் `created_at` கணக்கு நின்றுபோகும். அப்போது கியூவின் வயது மட்டும்தான் ஏறும். இரண்டும் வேண்டும்.

வொர்க்கர் செத்தால் இன்னொரு ஓட்டையும் தெரியவரும். எண்ணிக்கை விழுவதற்கான அவர்களுடைய விதி, இப்போதைய வேகத்தைப் போன வாரம் இதே நேரத்து வேகத்தோடு ஒப்பிட்டு, பாதிக்குக் கீழே போனால் அடிப்பது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வொர்க்கர் நின்றதும் அந்த அளவீடு பூஜ்யமாகாது, கொஞ்ச நேரத்தில் காணாமலே போய்விடும். பிரொமீதியஸில் இல்லாத ஒன்றை எதோடு ஒப்பிட்டாலும் விடை வெறுமை, வெறுமைக்கு அலெர்ட் கிடையாது. அடித்துக்கொண்டிருந்த அலெர்ட்கூடத் தானே அணைந்து, பிரச்சினை தீர்ந்ததுபோல் காட்டும். வெற்றியை மட்டும் எண்ணும் கவுண்டரின் 10 நிமிட வேகத்தை, மெசேஜ் வகைவாரியாக ஒரு ரெக்கார்டிங் ரூலில் வைத்துக்கொண்டு, விதியை இப்படி எழுத வேண்டும்:

```
(
  type:notify_ok:rate10m
  or 0 * (type:notify_ok:rate10m offset 1w)
)
  < 0.5 * (type:notify_ok:rate10m offset 1w)
and (type:notify_ok:rate10m offset 1w) > 0.2
```

`or`-க்குப் பின் வரும் பகுதிதான் உயிர்நாடி. போன வாரம் இருந்து இப்போது இல்லாத வகைக்கு அது பூஜ்யத்தை நிரப்புகிறது. கடைசி வரி, நிமிடத்துக்கு 12-க்குக் குறைவாகப் போகும் நள்ளிரவு நேரத்தில் வீண் கூச்சல் வராமல் தடுக்கிறது. வகைவாரியாகப் பிரிப்பதும் கட்டாயம். மொத்தமாகக் கூட்டினால், விளம்பர மெசேஜின் எண்ணிக்கைக்குள் ஓடிபி பூஜ்யமாவது மறைந்துவிடும். விதி போட்ட முதல் வாரம் ஒப்பிட எதுவும் இருக்காது என்பதையும், போன வாரம் இதே நேரம் கோளாறு இருந்திருந்தால் ஒப்பீட்டு அளவே தாழ்ந்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பணம் கொடுக்குமுன் உங்கள் கண் முன்னால் இரண்டு ஒத்திகை நடத்தச் சொல்லுங்கள். முதலாவதில், சோதனைச் சூழலில் கேட்வே முகவரியை எப்போதும் 429 தரும் ஒரு போலி சர்வருக்கு மாற்ற வேண்டும். வரம்பு 60 வினாடி, `for: 2m` என்றால், தாமத அலெர்ட் ஐந்து நிமிடத்துக்குள் வர வேண்டும். விழும் அலெர்ட் கொஞ்சம் பொறுத்துத்தான் வரும். 10 நிமிட சராசரி பாதியாகக் குறையவே ஐந்து நிமிடம் ஆகும், அதோடு `for: 5m` சேர்ந்தால் பத்து நிமிடத்தைத் தாண்டும். இரண்டாவதில், வொர்க்கர் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். கியூவின் வயது அலெர்ட்டும் விழும் அலெர்ட்டும் வர வேண்டும், நிறுத்தி வைத்திருக்கும்வரை அணையக்கூடாது. அரை மணி நேரமாவது விட்டுப் பாருங்கள், ஏனென்றால் அளவீடு காணாமல் போவது முதல் சில நிமிடத்தில் தெரியாது. போன வாரத்து அளவு இல்லாத சோதனைச் சூழலில் விழும் அலெர்ட் எதுவும் சொல்லாது. ஒரு வாரம் செயற்கையாக மெசேஜ் ஓட்டிவிட்டுச் செய்யுங்கள்.

ஒத்திகையில் அலெர்ட் யாருடைய கைப்பேசிக்கு, எந்த வழியாக வருகிறது என்பதையும் பாருங்கள். இந்தக் குழு அவசர அலெர்ட்டை எஸ்எம்எஸ்ஸாக அனுப்ப ஏற்பாடு செய்திருந்தது, அதே கியூ, அதே வொர்க்கர், அதே கேட்வே வழியாக.